மாடி டியூஷன், ஸ்ரீரங்கம்
8, 9, 10-ஆம் வகுப்பு | கணக்கு, அறிவியல் | சமச்சீர் பாடத்திட்டம், தமிழ், ஆங்கில வழி இரண்டும்

ஜூன் மாதச் சேர்க்கை நடக்கிறது. ஒரு வகுப்புக்கு 24 பிள்ளைகள்தான். ஹாலில் அதற்கு மேல் பாய் விரிக்க இடமில்லை. சி.பி.எஸ்.இ. பாடம் நாங்கள் எடுப்பதில்லை.

ரிசல்ட்

போன பொதுத்தேர்வில் எங்களிடம் படித்த 22 பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள். கணக்கில் அவர்கள் வாங்கியது:

90-க்கு மேல்: 4 பேர்
75 முதல் 89 வரை: 7 பேர்
50 முதல் 74 வரை: 8 பேர்
35 முதல் 49 வரை: 2 பேர்
தேர்ச்சி இல்லை: ஒருவர்

சென்டம் யாரும் இல்லை. அதிகபட்சம் 97. தவறிய மாணவனுக்குத் தனியாக வகுப்பு எடுத்தோம், கட்டணம் வாங்கவில்லை. துணைத் தேர்வில் 52 வாங்கிவிட்டான். அறிவியலில் 22 பேரும் தேர்ச்சி, 11 பேர் 80-க்கு மேல்.

முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் படத்தைப் பெரிதாகப் போடும் வழக்கம் இங்கே இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் 90 வாங்கும். காலாண்டில் 28 வாங்கிய ஒரு பெண் பொதுத்தேர்வில் 61 வாங்கினாள். எங்கள் வேலையை நீங்கள் அதை வைத்து எடைபோடலாம்.

எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்

பத்தாம் வகுப்பு கணக்கு வினாத்தாளில் கடைசிப் பகுதி வடிவியலும் வரைபடமும். தலா 8, மொத்தம் 16 மதிப்பெண். புரிந்து, கை பழகிவிட்டால் முழுசாக வாங்கலாம். ஆனால் மொட்டைப் பென்சிலோடும் ஆடுகிற காம்பஸோடும் உட்கார்ந்தால் தொடுகோடு வட்டத்தைத் தொடாது, வெட்டிக்கொண்டு போகும். அதனால் சனிக்கிழமை காலை 7 முதல் 8.30 வரை பத்தாம் வகுப்புக்கு வரைவது மட்டும்தான். உதவிப்படம், உண்மைப்படம், அளவுத்திட்டம், எல்லாம் நேரம் வைத்துப் போட வேண்டும். ஜனவரிக்குள் ஒரு கணக்கைப் பத்து நிமிடத்தில் முடிக்கப் பழகிவிடுகிறார்கள்.

14 ஒரு மதிப்பெண் கேள்விகளையும் விடையோடு மனப்பாடம் பண்ண விடமாட்டோம். வழி எழுதிக் காட்டினால்தான் டிக். கட்டாய வினாக்களான 28-க்கும் 42-க்கும் புத்தகத்தில் இல்லாத கணக்குகளைப் போட்டுப் பழக்குகிறோம்.

மாதத் தேர்வுத் தாளைத் திருத்திப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறோம். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தை யார் போட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்!

நேரம்

8, 9-ஆம் வகுப்பு: திங்கள் முதல் வெள்ளி, மாலை 5.30 – 7.00
10-ஆம் வகுப்பு: திங்கள் முதல் வெள்ளி, இரவு 7.00 – 8.30, சனி காலையும் உண்டு

ஞாயிறு விடுமுறை. வைகுண்ட ஏகாதசி அன்றும் வகுப்பு கிடையாது. அன்றைக்கு இந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழையாது.

கட்டணம்

8, 9-ஆம் வகுப்பு, இரண்டு பாடமும்: மாதம் ரூ.700
10-ஆம் வகுப்பு, இரண்டு பாடமும்: மாதம் ரூ.1,000
10-ஆம் வகுப்பு, ஒரு பாடம் மட்டும்: மாதம் ரூ.600
தேர்வுத் தாள், ஜெராக்ஸ்: வருடத்துக்கு ஒரே முறை ரூ.300

ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதக் கட்டணம். பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடமும் சேர்த்தால் வருடத்துக்கு மொத்தம் ரூ.10,300. சேர்க்கைக் கட்டணம், டொனேஷன் எதுவும் இல்லை. ஏப்ரலில் தேர்வு நீண்டாலும் அந்த வகுப்புகளுக்குப் பணம் கேட்க மாட்டோம்.

மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். அண்ணன், தங்கை என்று இரண்டு பேர் வந்தால் இரண்டாவது பிள்ளைக்கு மாதம் ரூ.200 குறைவு. உடம்பு சரியில்லாமல் 15 நாளுக்கு மேல் வராவிட்டால் அந்த மாதம் பாதிக் கட்டணம். கட்ட முடியாத நிலை என்றால் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள், எங்களிடம் வந்து சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

எங்கே இருக்கிறது

ராஜகோபுரத்துக்கு முதுகு காட்டி, காவிரியைப் பார்த்து அம்மா மண்டபம் சாலையில் ஐந்து நிமிடம் நடங்கள். இடது கைப்பக்கம் மாவு மில், அதையொட்டி ஒரு சந்து. சந்துக்குள் மூன்றாவது வீடு. கீழே தையல் கடை, மேலே நாங்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வருபவர்கள் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி ராஜகோபுரத்தில் இறங்கலாம்.

சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தலாம். பைக்கில் கூப்பிட வரும் பெற்றோர் சந்து முனையிலேயே நிற்கவும், உள்ளே வந்தால் திருப்ப முடியாது. இரவு வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளை யாராவது வந்து அழைத்துப் போகும்வரை கீழே அனுப்ப மாட்டோம்.

சேர

போனில் சேர்க்கை இல்லை. மாலை 5 மணிக்குப் பிள்ளையோடு நேரில் வாருங்கள். போன வருட ரேங்க் கார்டு இருந்தால் கொண்டு வாருங்கள், மார்க் குறைவு என்று திருப்பி அனுப்ப மாட்டோம். முதல் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். பிடித்தால் நாலாம் நாள் பணம் கட்டுங்கள்.