மெய்ப்புப் பார்க்கப் புதிதாக வந்தவருக்கு

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, இரண்டு முறை அடித்த சொல், விட்டுப்போன பக்க எண்: இவற்றை நீங்களே திருத்திவிடுங்கள்.

பெயர், இனிஷியல், தேதி, சர்வே எண், நான்கெல்லை, தொகை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். கிரயப் பத்திரத்தில் எண்ணில் ‘ரூ.12,50,000’, எழுத்தில் ‘பன்னிரண்டு லட்சத்து ஐந்தாயிரம்’ என்று இருந்தால், எது சரி என்று நமக்குத் தெரியாது. பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் கேள்வியை எழுதி வக்கீலிடம் காட்டுங்கள்.

சட்டப் பிரிவும் அப்படித்தான். ‘இ.த.ச. 420’ பழசு என்று மாற்றத் தோன்றும், ஆனால் புதிய சட்டம் அமலுக்கு வந்த 1.7.2024-க்கு முன் நடந்த குற்றத்துக்கு அதுதான் சரி.

சாட்சியின் வாக்குமூலத்தை மேற்கோள் காட்டியிருந்தால், அதிலுள்ள கொச்சையும் பிழையும் அப்படியே நிற்க வேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், ‘மற்றும்’ இருக்கும் இடத்தில் ‘அல்லது’ போட்டால் பாத்தியதையே மாறிவிடும். எவ்வளவு அவசரமானாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.