ஒரு நட்சத்திர விமர்சனத்துக்கு எங்கள் கிளினிக் எழுதிய பதில்கள்

முதல் பதில்

அன்புடையீர், வணக்கம்.

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. குறித்த நேரத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது, தாமதம் ஏன் என்று யாரும் சொல்லவில்லை, வரவேற்பு மேசையில் வந்த காரணத்தை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்கள், முன்கூட்டித் தெரிவிக்காத ஒரு கட்டணம் பில்லில் இருந்தது என நான்கு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கையும் நானும் தலைமை மருத்துவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினோம்.

பதிலுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. இங்கே எழுதும் ஒருவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தவரா என்பதைக்கூட நாங்கள் பொதுவெளியில் உறுதி செய்வதில்லை, மறுப்பதும் இல்லை. ஆகவே வருகை, நாள், பார்த்த மருத்துவர், சிகிச்சை ஆகிய எதைப் பற்றியும் இந்தப் பதிலில் ஒரு சொல்லும் இருக்காது. உடல்நிலை குறித்து நீங்களே எழுதியிருக்கும் வரிகளையும் நாங்கள் எடுத்தாளப்போவதில்லை. அவற்றை வைத்திருப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பம் மட்டுமே. உங்கள் சொல்லை நம்பாததால் இப்படி ஒதுங்கி நிற்கிறோம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். எங்களிடம் வரும் எவரும், வந்தார்கள் என்ற செய்திகூட எங்கள் வாயிலிருந்து வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள்.

எங்கள் நடைமுறையைப் பற்றி நாங்கள் தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். உங்கள் கருத்தைப் படித்த மறுநாள் காலை, காத்திருப்புக் கூடத்தில் வரவேற்பு மேசையிலிருந்து மூன்றாவது வரிசையில் நான் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மேசையின் முன்னே இருக்கும் கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கான துளை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நின்று பேசுபவரின் குரல் அதன் வழியே சரியாகப் போவதில்லை. ஊழியர் ‘என்ன சொன்னீங்க?’ என்று இன்னொரு முறை கேட்கிறார். இரண்டாவது முறை இருவருமே குரலை உயர்த்துகிறார்கள். வயதும் உபாதையும் மூன்றாவது வரிசை வரை தெளிவாகக் கேட்டன. பல மாதங்களாக அந்தக் கூடத்தைத் தினமும் கடந்து போயும் இதை நான் கவனிக்காதது என் தவறு. அந்த மேசையின் முன் நின்று சங்கடப்பட நேர்ந்த ஒவ்வொருவரிடமும் கிளினிக்கின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்றிலிருந்து, வந்த காரணத்தை மேசையில் வாய்மொழியாகக் கேட்பது நிறுத்தப்பட்டுள்ளது. பெயரையும் முன்பதிவு நேரத்தையும் மட்டும் சொன்னால் போதும். மற்றதை உள்ளறையில் செவிலியர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்.

தாமதத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் என்ற கணக்கில் முன்பதிவு தருகிறோம். ஒருவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டால் அது அடுத்தடுத்தவர்களுக்குத் தள்ளிக்கொண்டே போகும்; நாளின் பிற்பகுதியில் வருபவர் தலையில் மொத்தத் தாமதமும் விழுகிறது. மருத்துவருக்கு வேலை நெருக்கடி என்பது காரணம் ஆகலாம். காத்திருப்பவரிடம் அதைச் சொல்லாமல் விட்டதற்கு அது காரணம் ஆகாது. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊழியர் கூடத்துக்கு வந்து சொல்லவும், விரும்புவோருக்கு வேறு நாளில் நேரம் மாற்றித் தரவும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

பில் குறித்த கேள்விக்கு இங்கே விவரமாகப் பதில் எழுத முடியாது. எழுதினால் அது ஒருவரின் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதாகிவிடும். இந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் உள்ள தொலைபேசி எண்ணில் வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 5 மணி வரை ‘மேலாளரிடம் பேச வேண்டும்’ என்று சொன்னால் நேரடியாக என்னிடம் இணைப்பார்கள். நேரில் வர விரும்பினால் தனி அறையில் சந்திக்கலாம். உங்களுடன் ஒருவரை அழைத்து வரலாம். எழுத்தில் புகார் தந்தால் 2 வேலை நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருவோம். விமர்சனத்தை நீக்கவோ மாற்றவோ உங்களிடம் கேட்கமாட்டோம். அதற்காகச் சலுகை எதையும் முன்வைக்கவும் மாட்டோம்.

இப்படிக்கு,
மேலாளர், கிளினிக் நிர்வாகம்

இரண்டாவது பதில்: விமர்சனத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட குறிப்புக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் முதல் பதிலைப் படித்த பிறகு நீங்கள் சேர்த்திருக்கும் வரிகளைப் பார்த்தோம். ‘ரகசியம் என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறார்கள், நானே அனுமதி தருகிறேன், என் கோப்பில் இருப்பதை இங்கேயே போடட்டும், யார் சொல்வது உண்மை என்று எல்லோரும் பார்க்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எங்களுக்குப் புரிகிறது. கேள்வி கேட்டவருக்கு, பதில் சொல்ல மறுப்பவர் எதையோ மறைப்பவராகத்தான் தெரிவார்.

இருந்தும் எங்களால் அதைச் செய்ய முடியாது. ஒரு கணக்கின் பெயரை மட்டும் வைத்து, எழுதுபவர் யார் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுமதி என்று நாங்கள் நம்பியது வேறொருவரின் வார்த்தையாக இருந்துவிட்டால், அந்தத் தவறைச் சரிசெய்யவே முடியாது. எந்த மருத்துவக் கோப்பிலும் அதற்கு உரியவரைப் பற்றி மட்டுமே இருப்பதில்லை. பெற்றோருக்கு இருந்த நோய், உடன்பிறந்தவரின் உடல்நிலை, வீட்டுச் சூழல் ஆகியவையும் இருக்கும். அவர்கள் யாரும் நமக்கு அனுமதி தரவில்லை. ஒருமுறை இங்கே வந்த தகவலைத் திரும்பப் பெறவும் வழியில்லை: நாங்கள் நீக்கலாம், அதற்குள் படம் பிடித்தவர்களின் கைபேசியில் அது இருக்கும். இன்றைய கோபத்தில் தரும் அனுமதியை ஐந்து ஆண்டுகள் கழித்து ஒருவர் வேலை தேடும்போதோ காப்பீடு எடுக்கும்போதோ நினைத்து வருந்தக்கூடும் என்பதையும் நாங்கள் யோசித்தாக வேண்டும்.

உலக மருத்துவ சங்கம் 1948இல் ஏற்ற ஜெனீவா உறுதிமொழி, நோயாளி நம்பிச் சொன்ன ரகசியங்களை மருத்துவர் மதிக்க வேண்டும் என்கிறது. அதன் இன்றைய வடிவத்தின்படி நோயாளி இறந்த பின்னும் அந்தக் கடமை தொடர்கிறது. விமர்சனத்தில் எங்கள் பெயருக்குப் பாதிப்பு வரும்போது மட்டும் அதைத் தளர்த்திக்கொள்ள எங்களுக்கு உரிமையில்லை.

கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழி உங்களுக்கு அடைக்கப்படவில்லை. எங்களிடம் சிகிச்சை பெற்ற எவரும் அடையாளச் சான்றுடன் விண்ணப்பித்தால் தங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலைப் பெறலாம். வர இயலாதவர்கள் எழுத்தில் அதிகாரம் தந்து ஒருவரை அனுப்பலாம். பில்லின் ஒவ்வொரு வரியும் எதற்கானது என்று கணக்குப் பிரிவு உடன் உட்கார்ந்து விளக்கும். நகலைப் பெற்ற பின் அதை யாரிடம் காட்டுவது, எங்கே வெளியிடுவது என்பதை அவரவரே தீர்மானிக்கலாம். அதில் நாங்கள் தலையிடமாட்டோம்.

எங்கள் பதிலின் முதல் வரி வேறு விமர்சனங்களுக்கு அடியிலும் அப்படியே இருப்பதாகச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். அது உண்மை. ‘நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி’ என்று தொடங்கும் ஒரு வாசகத்தை நீண்ட நாளாகப் பயன்படுத்தி வருகிறோம். ஆனால் அதற்குக் கீழே உள்ளவை உங்கள் விமர்சனத்துக்காகவே எழுதப்பட்டவை. இனி வரும் பதில்களில் அந்த வாசகம் இருக்காது.

என் விளக்கத்தில் உங்களுக்கு நிறைவு இல்லையென்றால், தலைமை மருத்துவரைச் சந்திக்க நேரம் கேட்கலாம். அதிலும் நிறைவு இல்லையென்றால், மருத்துவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் மன்றத்திடம் புகார் அளிக்கலாம். அதற்கான முகவரியை வரவேற்பு மேசையில் கேட்டாலே தருவார்கள். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மேலாளர், கிளினிக் நிர்வாகம்

மூன்றாவது பதில்: இதே விமர்சனத்தின் கீழ் எங்களுக்கு ஆதரவாக எழுதியவருக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மருத்துவர்கள் மீது நீங்கள் வைத்திருக்கும் மதிப்புக்கு நன்றி. ஆனால் விமர்சனம் எழுதியவரை அன்று கூடத்தில் பார்த்ததாகவும், யாருடன் வந்தார், எப்படி நடந்துகொண்டார் என்றும் நீங்கள் எழுதியிருப்பதை எங்களுக்கு ஆதரவாக இருந்தாலும் ஏற்க முடியவில்லை. அது சரியா தவறா என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு கிளினிக்கின் கூடத்தில் கண்டது கூடத்தோடு முடிய வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும், நீங்களும்தான், எதிர்பார்ப்பீர்கள். அந்த வரிகளை நீக்கிவிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். குறை சொன்னவர் எங்கள் எதிரி அல்லர்.

இப்படிக்கு,
மேலாளர், கிளினிக் நிர்வாகம்

நான்காவது பதில்: ஆறு வாரங்களுக்குப் பிறகு

அன்புடையீர், வணக்கம்.

முதல் பதிலில் சொன்னவற்றுள் எவை நடந்தன, எவை நடக்கவில்லை என்பதை இந்த விமர்சனத்தைப் படிக்கும் அனைவருக்கும் தெரிவிக்கிறோம்.

கண்ணாடித் தடுப்பின் பேசும் துளை நிற்பவரின் முக உயரத்துக்கு மாற்றப்பட்டது. சக்கர நாற்காலியில் வருவோருக்காகப் பழைய துளையும் இருக்கிறது. வரிசையில் அடுத்து நிற்பவர் இரண்டு மீட்டர் பின்னால் நிற்கும்படி தரையில் கோடு போட்டிருக்கிறோம். கூடத்தின் முன் வரிசை இருக்கைகளை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். மீண்டும் அதே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பேச்சு நடப்பது தெரிகிறது, சொற்கள் பிடிபடவில்லை.

ஆலோசனைக் கட்டணத்தைத் தவிர வேறு எந்தக் கட்டணம் சேரும் என்றாலும், அந்தப் பரிசோதனையோ செயல்முறையோ தொடங்கும் முன்பே தொகை எழுதிய சீட்டை நோயாளியிடம் காட்டி ஒப்புதல் பெறுகிறோம். வேண்டாம் என்றோ, யோசித்துச் சொல்கிறேன் என்றோ சொல்ல இடமிருக்கிறது.

தாமதத்தில் இன்னும் எங்களால் நிறைவாகச் சொல்ல முடியவில்லை. முன்னறிவிப்பு பெரும்பாலும் நடக்கிறது. மாலை நேரத்தில், ஊழியர் ஒருவர் மட்டும் இருக்கும்போது, சில நாட்கள் தவறிப்போயிருக்கிறது. காத்திருக்கும் நேரமே குறைய வேண்டுமானால் மாலை முன்பதிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடத்தைக் காலியாக விட்டு, கூடுதல் நேரம் தேவைப்படுபவர்களுக்கு ஒதுக்கப்போகிறோம். இதனால் முன்பதிவு கிடைக்கச் சிலருக்கு ஓரிரு நாள் கூடுதலாக ஆகலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

விமர்சனம் எழுதியவர் எங்களைத் தொடர்புகொண்டாரா, என்ன பேசப்பட்டது என்று சிலர் இங்கே கேட்டிருக்கிறார்கள். அதற்கும் எங்களிடமிருந்து பதில் வராது. பில் குறித்துப் பேச நான் தந்த தொலைபேசி நேரம் மட்டும் மாறியிருக்கிறது: இனி காலை 9 முதல் மாலை 6 மணி வரை அழைக்கலாம்.

இப்படிக்கு,
மேலாளர், கிளினிக் நிர்வாகம்