ரத்து செய்யப்பட்ட பேட்சுக்கான கட்டணம் ரூ.44,840-ஐத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

திண்டுக்கல்
17.02.2026

அனுப்புநர்:
சு. மீனாட்சி
சேர்க்கை எண் 0417
வார இறுதி மெடிக்கல் கோடிங் பேட்ச்

பெறுநர்:
மைய மேலாளர் அவர்கள்
மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம்
மதுரை

பொருள்: நிறுவனம் ரத்து செய்த பேட்சுக்குச் செலுத்திய முழுக் கட்டணத்தையும் சேர்க்கை விதி 7-ன்படி திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

தங்கள் மையத்தில் சனி, ஞாயிறு நேரடி வகுப்பாக நடக்கவிருந்த மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குச் சேர்ந்தவள் நான். 08.12.2025 அன்று ரூ.15,000, 19.12.2025 அன்று ரூ.29,840 என மொத்தம் ரூ.44,840 செலுத்தினேன். இதில் பயிற்சிக் கட்டணம் ரூ.38,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.6,840. இரண்டு தவணையும் என் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகத் தங்கள் மையத்தின் கணக்குக்கு வந்தவை. இரண்டுக்கும் மையத்தின் முத்திரை இட்ட ரசீது என்னிடம் இருக்கிறது.

வகுப்பு 03.01.2026 சனிக்கிழமை தொடங்கும் என்றீர்கள். அதற்கு முந்தைய நாள் மாலை, 24-ம் தேதிக்குத் தள்ளிவைத்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதை நான் ஏற்றுக்கொண்டு காத்திருந்தேன். பிறகு 21.01.2026 அன்று பேட்சுக்கான வாட்ஸ்அப் குழுவில், "போதிய சேர்க்கை இல்லாததாலும் பயிற்றுநர் விலகியதாலும் வார இறுதி பேட்ச் ரத்து செய்யப்படுகிறது" என்று மையத்தின் எண்ணிலிருந்தே பதிவிட்டீர்கள். ஒரு வகுப்புகூட நடக்கவில்லை.

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில், நானும் மையத்தின் சார்பில் ஒருவரும் கையெழுத்திட்டிருக்கும் பக்கத்தில், விதி 7 இப்படி இருக்கிறது:

"போதிய சேர்க்கை இல்லாமையாலோ, பயிற்றுநர் இல்லாமையாலோ, வேறு எக்காரணத்தாலோ நிறுவனம் ஒரு பேட்சை ரத்து செய்தால், மாணவர் செலுத்திய முழுத் தொகையும் ரத்து அறிவித்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், பணம் வந்த வழியிலேயே திருப்பித் தரப்படும். மாணவர் எழுத்து மூலம் விரும்பினால் மட்டுமே அத்தொகை வேறு பேட்சுக்கு மாற்றப்படும்."

ரத்துக்கு நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களும் இந்த விதியில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. 21 நாள் கெடு 11.02.2026 அன்று முடிந்துவிட்டது. பணம் வரவில்லை.

அதற்குப் பதிலாக 29.01.2026 அன்று தங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பதிவுக் கட்டணம் ரூ.5,000, பாடப் பொருள் ரூ.3,500, ஜிஎஸ்டி ரூ.6,840 ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதி ரூ.29,500-ஐ மார்ச்சில் தொடங்கும் மாலை நேர ஆன்லைன் பேட்சுக்கு வரவு வைப்பதாகவும், அந்த வரவு ஓராண்டு செல்லும் என்றும், பணமாகத் தர விதி 9 இடம் கொடுக்காது என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். இதை நான் ஏற்கவில்லை என்று அன்றே பதில் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டபோது, "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் யாருக்குமே ரிட்டர்ன் கிடையாது மேடம், சிஸ்டமே எடுக்காது" என்று கவுன்சிலர் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் நாம் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் இருப்பது வேறு.

விதி 9-ஐயும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "சேர்ந்த மாணவர் தம் சொந்தக் காரணத்தால் விலகினால்" என்று தொடங்குகிறது அந்த விதி. பதிவுக் கட்டணமும் பாடப் பொருள் கட்டணமும் கழிக்கப்படும் என்பது அந்த நிலைமைக்கு மட்டும் சொல்லப்பட்டது. நான் விலகவில்லை. தள்ளிவைத்தபோதும் காத்திருந்தேன். 24-ம் தேதி வகுப்பு நடந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். வகுப்பை நிறுத்தியது மையம். மையம் நிறுத்தினால் என்ன செய்வது என்று விதி 7 தனியாகச் சொல்லியிருக்கும்போது, மாணவர் விலகினால் என்ன என்று சொல்லும் விதியை எடுத்து என் மீது போடுவது முறையல்ல. அப்படிப் போட முடியும் என்றால் விதி 7-ஐ அச்சிட்டிருக்கவே தேவையில்லை.

விதி 7 "முழுத் தொகையும்" என்கிறது. எதையும் கழிக்க அதில் இடம் இல்லை. பாடப் பொருள் என்று சேர்க்கை நாளில் எனக்குக் கிடைத்தவை ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, உடற்கூறியல் குறிப்புகளின் நகல் புத்தகம் ஆகிய மூன்றுதான். அந்தப் புத்தகத்தின் மேலுறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மூன்றையும் நேரில் ஒப்படைக்கவோ கூரியரில் அனுப்பவோ தயாராக இருக்கிறேன். அதற்காகப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். "அரசுக்குக் கட்டியாகிவிட்டது, திரும்பாது" என்பது சரியல்ல. முன்பணம் வாங்கிய பிறகு சேவை தரப்படாமலும் வரி விலைப்பட்டியல் போடப்படாமலும் போனால், பணம் கொடுத்தவருக்கு ரீஃபண்ட் வவுச்சர் வழங்க மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017 பிரிவு 31(3) வழி செய்கிறது. விலைப்பட்டியல் போட்டிருந்தால் பிரிவு 34-ன்படி கிரெடிட் நோட்டு வழங்கலாம். நடக்காத வகுப்புக்கான வரியை மையம் தன் கணக்கில் எப்படிச் சரிசெய்வது என்பதைத் தங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அதை என் பணத்தில் கழிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மாலை நேர ஆன்லைன் பேட்சை நான் ஏன் ஏற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விதி 7-ன்படி காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு விடுப்பு வேண்டும் என்பதற்காகவே வார நாட்களில் மாலையும் இரவும் டியூட்டி மாற்றி வாங்கினேன். நீங்கள் வகுப்பு வைக்கும் நேரத்தில் நான் ரத்த மாதிரிகளோடு நின்றுகொண்டிருப்பேன். இரண்டாவது, கோடிங் என்பது கேஸ் ஷீட்டை எதிரில் வைத்துக்கொண்டு, கோடு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பழக வேண்டிய வேலை. நான் எழுத நினைத்திருக்கும் சிபிசி தேர்வே அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு 4 மணி நேரத்தில் 100 கேள்விகளுக்கு விடை எழுதுவதுதான். பக்கத்தில் ஒருவர் இருந்து தப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்றுதான் பஸ் பிடித்து மதுரை வந்து நேரில் படிக்க முடிவு செய்தேன். தங்கள் துண்டறிக்கையிலும் "நேரடி வகுப்பு" என்பதே பெரிய எழுத்தில் இருந்தது.

"ஓராண்டு செல்லும் வரவு" என்பதும் இந்தப் படிப்பில் பயன்படாது. சிபிடி குறியீடுகள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ல் மாறுகின்றன. ஐசிடி-10-சிஎம் அக்டோபர் 1-ல் மாறுகிறது. ஓராண்டு தள்ளிப்போனால் புதிய பதிப்புப் புத்தகங்களை வாங்க வேண்டும், நான் தேர்வு எழுதுவதும் வேலை மாறுவதும் அதே அளவு தள்ளிப்போகும். வேறொரு மையத்தில் நேரடி வகுப்பில் சேர இந்தப் பணம்தான் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் தவணைக்காகக் கூட்டுறவு சங்கத்தில் அம்மாவின் வளையலை அடகு வைத்தேன். அதற்கு வட்டி மாதாமாதம் ஓடுகிறது. பரிதாபத்துக்காக இதை எழுதவில்லை. நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் "சிஸ்டம் எடுக்காது" என்பதன் மறுபுறம் என்ன இருக்கிறது என்பது மேலாளராகிய தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சட்டப்படியும் என் நிலை தெளிவானது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட சேவையைத் தராமல் போவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(11)-ன்படி சேவைக் குறைபாடு. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பதைப் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு அச்சிடவில்லை என்று நீங்கள் வாதிட்டாலும், ரத்து அறிவித்த நாளிலிருந்து அந்த 30 நாளும் வரும் 20.02.2026 அன்று முடிகிறது. பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனங்கள், அவற்றுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்ற வாதமும் எடுபடாது. கோச்சிங் மையங்களின் சேவைக் குறைபாடு நுகர்வோர் ஆணையங்களின் வரம்புக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் கூறியிருக்கிறது.

ஆகவே, சேர்க்கை எண் 0417-க்குரிய முழுத் தொகை ரூ.44,840-ஐ, நான் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு, 04.03.2026-க்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பணம் அனுப்பியதும் அதன் பரிவர்த்தனை எண்ணை எழுத்து மூலம் தெரிவியுங்கள். வேறு பேட்சுக்கு மாற்றுவதற்கு நான் சம்மதிக்கவில்லை என்பதை இக்கடிதத்தின் வழியே மீண்டும் பதிவு செய்கிறேன். என் பெயரில் ஏதாவது வரவு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பகுதித் தொகையாக அனுப்பினால், அதை மொத்தப் பாக்கியில் ஒரு பகுதியாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். மீதியை விட்டுக்கொடுத்ததாக அது ஆகாது. முழுத் தொகையும் கிடைத்துவிட்டது என்று முன்கூட்டியே கையெழுத்து கேட்கும் படிவம் எதிலும் கையெழுத்திட மாட்டேன்.

மேற்சொன்ன நாளுக்குள் பணம் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்வேன். அதன் பிறகு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பிரிவு 35-ன் கீழ் மனு தாக்கல் செய்வேன். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட பிரிவு 34 அனுமதிக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான மனுவுக்கு ஆணையக் கட்டணமும் இல்லை. அங்கே அசல் தொகையோடு, 11.02.2026-க்குப் பிந்தைய வட்டி, அலைக்கழிப்புக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கோருவேன். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை. சேர்க்கை நாளில் உங்கள் ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி, டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து நோயைக் குறியீடாக மாற்றுவதைப் பொறுமையாகக் காட்டினார். அந்த மையத்தின் மேல் புகார் எழுத வேண்டி வருவது எனக்கே மனக்கஷ்டம்தான்.

இரண்டு ரசீதுகள், இருபுறமும் எடுத்த சேர்க்கைப் படிவத்தின் நகல், 21.01.2026 வாட்ஸ்அப் அறிவிப்பின் படம், 29.01.2026 மின்னஞ்சலும் அதற்கான என் பதிலும், யுபிஐ பரிமாற்றங்கள் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இக்கடிதம் ஸ்பீட் போஸ்டிலும், மையத்தின் மின்னஞ்சல் முகவரிக்கும் அனுப்பப்படுகிறது.

தொலைபேசியில் பேசியவை பின்னர் மாறிவிடுவதால், தங்கள் பதிலை எழுத்து வடிவிலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சு. மீனாட்சி
சேர்க்கை எண் 0417