மேலாண்மையின் அடிப்படைப் பணிகள்: நுழைவுத் தேர்வுப் பயிற்சி வினாக்கள்

விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே விடையைக் குறியுங்கள். பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள்கூடச் சூழல் வினாக்களில்தான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அதனால் அவற்றுக்கே இங்கே அதிக இடம்.

1. ஒரு தொழிற்கூடத்தின் நாள் இலக்கு 200 பெட்டிகள். 170 மட்டுமே முடிந்ததைக் கண்ட மேற்பார்வையாளர், காரணம் தேடிப் பழுதான இயந்திரத்தை மாற்றுகிறார். இது எந்தப் பணி?
அ) திட்டமிடல் ஆ) பணியமர்த்தல் இ) இயக்குதல் ஈ) கட்டுப்படுத்துதல்

விடை: ஈ. அளவுகோல் வைப்பது, நடந்ததை அளப்பது, இரண்டையும் ஒப்பிடுவது, விலகலைத் திருத்துவது ஆகிய நான்கு படிகளும்தான் கட்டுப்படுத்துதல். மேற்பார்வையாளர் என்றதும் பலர் 'இ'க்குப் போய்விடுவார்கள். இயக்குதல் என்றால் ஆட்களுக்கு வழிகாட்டி, ஊக்கம் தந்து வேலை வாங்குவது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 200 என்ற எண் திட்டமிடலில் பிறந்தது. அது இல்லாவிட்டால் 170 குறைவா நிறைவா என்றே சொல்ல முடியாது. இரண்டு பணிகளையும் பிரிக்க முடியாது என்பதன் பொருள் இதுதான்.

2. ஹென்றி ஃபயோல் 1916இல் சொன்ன ஐந்து பணிகளில் இல்லாதது எது?
அ) கட்டளையிடல் ஆ) பணியமர்த்தல் இ) ஒருங்கிணைத்தல் ஈ) கட்டுப்படுத்துதல்

விடை: ஆ. மற்ற மூன்றோடு திட்டமிடலையும் ஒழுங்கமைத்தலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், ஐந்தும் நிரம்பிவிடும். பணியமர்த்தலைத் தனிப் பணியாக வைத்தவர்கள் கூன்ட்ஸும் ஓ'டானலும். ஆகவே வினாவில் அறிஞர் பெயர் இருந்தால் அதை முதலில் அடிக்கோடிடுங்கள்.

3. மேலாண்மைப் பணிகளின் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு லூதர் குலிக் அமைத்த 'போஸ்ட்கார்ப்' சுருக்கத்தில் கடைசி எழுத்தான B எதைக் குறிக்கிறது?
அ) அறிக்கையிடல் ஆ) ஊக்குவித்தல் இ) வரவுசெலவுத் திட்டமிடல் ஈ) பயிற்சி

விடை: இ.

4. மேலாளர் ஓர் அறிக்கையைத் தயாரிக்கும் வேலையை உதவியாளரிடம் ஒப்படைத்தார். அறிக்கையில் பிழை. இயக்குநருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?
அ) உதவியாளர் மட்டும் ஆ) மேலாளர் இ) மனிதவளத் துறை ஈ) யாருமில்லை

விடை: ஆ. அதிகாரத்தைக் கீழே ஒப்படைக்கலாம். பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது. உதவியாளர் மேலாளருக்குப் பதில் சொல்வார், மேலாளர் இயக்குநருக்கு. சரி, 'அ'வில் உள்ள 'மட்டும்' என்ற சொல்லைப் பார்த்தீர்களா? பொறி அங்கேதான் இருக்கிறது.

5. கூற்று: திட்டமிடல் மற்றப் பணிகளுக்கு முன்னால் வருகிறது.
காரணம்: திட்டமிட்டால் எதிர்காலத்தின் நிச்சயமின்மை முழுவதும் நீங்கிவிடும்.
அ) இரண்டும் சரி ஆ) கூற்று சரி, காரணம் தவறு இ) கூற்று தவறு, காரணம் சரி ஈ) இரண்டும் தவறு

விடை: ஆ. திட்டம் நிச்சயமின்மையைக் குறைக்கும், ஒழிக்காது. இலக்கு தெரிந்த பிறகே எத்தனை துறை, எத்தனை ஆட்கள் என்று முடிவு செய்ய முடியும். அதனால்தான் அது முதலில் வருகிறது.

6. எந்தப் பதவி எதற்குக் கீழ் என்று வரையறுப்பது எந்தப் பணி?
அ) ஒழுங்கமைத்தல் ஆ) பணியமர்த்தல் இ) இயக்குதல் ஈ) கட்டுப்படுத்துதல்

விடை: அ. நாற்காலிகளை அமைப்பது ஒழுங்கமைத்தல். அப்புறம் அவற்றில் தகுந்தவரைத் தேர்ந்து உட்காரவைப்பது பணியமர்த்தல்.