நாகலூர் வீட்டுக் குத்தகை: வரைவு ஒப்பந்தத்தைப் பார்த்துத் தர வேண்டி

ஏற்காடு,
4 நவம்பர் 2025

வணக்கம் சார்,

எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதித் தந்தது நீங்கள்தான் என்பதால் நாகலூர் தோட்டத்தின் விவரம் உங்களுக்குத் தெரியும். அங்குள்ள பழைய ஓட்டு வீட்டையும் அதைச் சுற்றிய 60 சென்ட் இடத்தையும் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்கு ஒன்பது வருடக் குத்தகைக்கு விடப் பேசியிருக்கிறோம். சுற்றுலா வருபவர்கள் தங்கும் விடுதியாக நடத்தப் போகிறார்கள். அவர்களுடைய வக்கீல் ஆங்கிலத்தில் 14 பக்க வரைவு அனுப்பியிருக்கிறார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் முழுவதும் படித்து, திருத்த வேண்டிய இடங்களைத் திருத்தித் தர வேண்டும்.

நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டா எனக்கும் தம்பிக்கும் கூட்டாக இருக்கிறது. தம்பி இப்போது விடுமுறையில் சேலத்தில் இருக்கிறான், நவம்பர் 23 ஞாயிறு இரவு துபாய் திரும்புகிறான். அவன் இருக்கும்போதே பதிவை முடித்துவிட்டால் பவர் பத்திரம், தூதரகம் என்று அலைய வேண்டாம். 20-ஆம் தேதி வியாழக்கிழமை பதிவு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பதிலை 14-ஆம் தேதிக்குள் கேட்கிறார்கள். அதனால் உங்கள் கருத்து 12-ஆம் தேதி புதன்கிழமைக்குள் கிடைத்தால் நாங்கள் ஒருமுறை உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

பேசி முடிந்தவை இவை. மாத வாடகை 45,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் உயர்வு. அட்வான்ஸ் 5 லட்சம், வட்டி கிடையாது. டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் மராமத்துக்காக வாடகை இல்லை, பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. கரண்ட் பில் அவர்களுடையது, வீட்டு வரி எங்களுடையது. கிணற்றுத் தண்ணீர் இரு தரப்புக்கும் பொது. பின்பக்கம் லைன் வீட்டில் இருக்கும் எங்கள் காவலாளி குடும்பம் அங்கேயே இருக்கும். இவை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருக்கின்றன, அந்தப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். வாடகை குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம், தம்பிக்கும் தோன்றுகிறது. ஆனாலும் வார்த்தை கொடுத்தாயிற்று, இவற்றை மறுபடி கிளற வேண்டாம். வரைவில் இவை சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரும் காவலாளி வீடும் என் கண்ணில் எங்கும் படவில்லை.

இனி எனக்கு உறுத்துபவை. எல்லாவற்றிலும் பெரியது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரமும் 17-ஆம் பத்தியும். நாங்கள் விடுவது வீடும் 60 சென்ட்டும். சொத்து விவரத்தில் சர்வே எண்ணைப் போட்டு மொத்தம் 4 ஏக்கர் 10 சென்ட்டையும் எழுதியிருக்கிறார்கள், நான்கு எல்லையும் தோட்டத்தின் எல்லைதான். கேட்டதற்கு, ‘சர்வே எண் ஒன்றுதானே மேடம், அதனால்தான்’ என்றார்கள். சரி என்று விட்டிருப்பேன். 17-ஆம் பத்தியைப் படித்த பிறகு விட முடியவில்லை. குத்தகைக் காலத்திலோ அது முடிந்து ஒரு வருடத்துக்குள்ளோ சொத்து விவரத்தில் கண்ட இடத்தை விற்பதானால், முதலில் அவர்களுக்கே, அன்றைய வழிகாட்டி மதிப்பில் தர வேண்டுமாம். வழிகாட்டி மதிப்புக்கும் இங்கே நிலம் கைமாறும் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், வீட்டை வாடகைக்கு விடப் போய்த் தோட்டத்துக்கே விலை பேசிக் கொடுத்தது போல் ஆகிறது. விற்பது பற்றி அவர்களும் நாங்களும் ஒருநாளும் பேசியதே இல்லை. இந்தப் பத்தி முழுவதும் போக வேண்டும். அறவே முடியாது என்று அவர்கள் நின்றால், வெளியாள் கேட்கும் விலையை அவர்களும் கொடுத்தால் முன்னுரிமை, அதுவும் 60 சென்ட்டுக்கு மட்டும் என்ற அளவுக்கு நாங்கள் இறங்கி வரலாம். அதற்குக் கீழே முடியாது. 60 சென்ட்டை அளந்து வரைபடம் இணைக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், இந்த வாரமே சர்வேயரைக் கூப்பிடுகிறேன்.

அடுத்தது களம். வீட்டுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுக் களம் அந்த 60 சென்ட்டுக்குள்தான் வருகிறது. அதில்தான் காப்பிப் பழம் காயப்போடுகிறோம், அப்புறம் மிளகு. டிசம்பர் முதல் மார்ச் கடைசி வரை களம் எங்களுக்கு, மற்ற மாதங்களில் அவர்கள் கார் நிறுத்தலாம் என்று வாய்ப்பேச்சு. வரைவில் ‘வாகன நிறுத்துமிடம்’ என்று மட்டும் இருக்கிறது. போதாததற்கு டிசம்பர் முதல் தேதி சாவி வாங்கி மராமத்துத் தொடங்குகிறார்கள். மணலும் செங்கல்லும் அங்கேதான் இறக்குவார்கள், ஆயில் சொட்டும் லாரியும் அங்கேதான் நிற்கும். காப்பி பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், டீசல் வாடை ஏறிய காப்பியை வியாபாரி ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டே விலையைக் குறைப்பார். மாதங்களைப் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். தோட்டத்துக்குள் ஆட்கள் போய்வரும் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது வீட்டு வாசலை ஒட்டியே போகிறது.

9-ஆம் பத்தியில், தேவைப்பட்டால் மரங்களை அகற்றலாம் என்று இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள சில்வர் ஓக் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அந்தக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. அனுமதியில்லாமல் அவர்கள் ஒரு மரத்தைச் சாய்த்தால் கேள்வி பட்டாதாரரான எங்களிடம்தான் வரும். கூடுதல் அறைகள் கட்டலாம் என்ற பத்திக்கும் இதே கவலை. மலையில் கட்டடத்துக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. எங்கள் எழுத்துச் சம்மதமும் அரசு அனுமதியும் இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. காலி செய்யும்போது ‘கட்டியதற்குச் சந்தை மதிப்பில் ஈடு’ என்ற வரியும் வேண்டாம்.

மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து அவர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஒன்பது வருடமும் நாங்கள் எதற்காகவும் வெளியேற்ற முடியாது என்பது 12-ஆம் பத்தி. அவர்கள் போகும் உரிமையில் எங்களுக்குத் தகராறு இல்லை. ஆனால் மூன்று மாத வாடகை நிலுவையானாலோ சட்டவிரோதமாக ஏதும் நடந்தாலோ காலி செய்யச் சொல்லும் உரிமை எங்களுக்கும் வேண்டும். அட்வான்ஸை ஏழு நாளில் திருப்பாவிட்டால் 24 சதவீத வட்டி என்பதும் அதிகம். பாக்கிகளைக் கழித்து 30 நாளில் என்று மாற்றப் பாருங்கள்.

உள்குத்தகை பற்றி வரைவில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால் சட்டப்படி குத்தகைதாரர் மறுபடி வாடகைக்கு விடலாம் என்று தம்பி படித்துவிட்டுச் சொன்னான். அப்படியானால் தடையை வெளிப்படையாக எழுத வேண்டும். தகராறு வந்தால் பெங்களூருவில் அவர்கள் நியமிக்கும் நடுவர் என்பதையும் சேலம் நீதிமன்றம் என்று மாற்ற வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் யார் கட்டுவது என்று இன்னும் பேசவில்லை. பாதிப் பாதி எனக்குச் சம்மதம், வழக்கம் வேறு என்றால் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி., வருமான வரிப் பிடித்தம் பற்றி ஆடிட்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தங்களை வரைவிலேயே குறித்து அனுப்பினால் அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடலாம். டோக்கனாக அவர்கள் கொடுத்த 50,000 ரூபாய்க்கு நான் எழுதிக் கொடுத்த ரசீதும் இணைப்பில் இருக்கிறது. அதனால் நமக்குக் கட்டுப்பாடு எதுவும் வருமா என்பதையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கட்டணத்தைச் சொன்னால் உடனே அனுப்பிவிடுகிறேன். நேரில் பேச வேண்டுமென்றால் 11-ஆம் தேதி செவ்வாய் மாலை தம்பியுடன் அஸ்தம்பட்டி ஆபீசுக்கு வர முடியும். காலையில் வேண்டாம் சார், பழம் பறிக்க ஆட்கள் வரும் நேரம். தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது, மாலை ஐந்துக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பேன்.

இப்படிக்கு,
தமயந்தி