காதுகுத்து பேனர்

தீபாவளி முடிந்ததோடு சரி, முருகேசன் தையல் கடைக்கு ஒரு ஜாக்கெட் கூட வரவில்லை. மயிலாடுதுறையில் அடைமழை. பொங்கல் வரை கடை வாடகைக்கு என்ன செய்வது?

மகள் நனைந்து வந்தாள். பைக்குள் நோட்டெல்லாம் ஊறிப் போயிருந்தது. "டீச்சர் திட்டுவாங்கப்பா."

பரணில் கிடந்த பழைய ஃபிளெக்ஸ் பேனரை இறக்கினார். யார் வீட்டுக் காதுகுத்தோ. தடித்த ஊசி மாட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, பைக்கு ஓர் உறை தைத்தார். மூன்று ஊசி உடைந்தது, அது வேறு விஷயம். தையல் ஓட்டை வழியே தண்ணீர் இறங்காமலிருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.

மறுநாள் சாயங்காலம் மகளோடு நான்கு பிள்ளைகள் வாசலில் நின்றார்கள்.

"மாமா, எனக்கும் ஒண்ணு. அந்த மீசைக்காரர் படம் மட்டும் உள்பக்கம் போயிடட்டும்."