வாசிகசாலை நேரக் கருத்துக்கணிப்பு: ஒரு பக்கப் படத்துக்கான அமைப்புக் குறிப்பு

பக்கத்தை வடிவமைப்பவருக்கு, வெள்ளவத்தை வாசிகசாலைக் கணிப்புக் குழுவிடமிருந்து

இந்தப் பக்கம் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஏ3 அளவில் வாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். அதையே ஏ4 ஆகச் சுருக்கி, 2025 ஓகஸ்ட் 16 சனிக்கிழமைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவினரின் கையில் கொடுப்போம். ஆகவே நின்றபடி பார்ப்பவருக்கும் உட்கார்ந்து படிப்பவருக்கும் ஒரே கோப்பு போதுமாக இருக்க வேண்டும். ஏ3 ஐ ஏ4 ஆக்கும்போது எல்லாம் 71 வீதமாகச் சுருங்கும். ஏ3 இல் 14 புள்ளி எழுத்து ஏ4 இல் 10 புள்ளியாகிவிடும். எனவே பக்கத்தில் எங்கும் 14 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம், அடிக்குறிப்பிலும் கூட.

பக்கம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மாலை 6 மணிக்கு மூடுவது, முக்கியமாக வேலைக்குப் போவோருக்கு, ஒத்துவரவில்லை, 8 மணி வரை திறந்தால் பெரும்பாலானோர் கேட்டது கிடைக்கும். இதற்கு உதவாத எதற்கும் இங்கே இடமில்லை.

கையில் உள்ள எண்கள்

ஜூலை 14 முதல் 27 வரை 258 படிவங்கள் திரும்பி வந்தன. இப்போதைய நேரம் வசதியா என்ற இரண்டாம் கேள்விக்குப் பதில் இல்லாத 11, இரு விடைகளிலும் அடையாளமிட்ட 7 ஆகியவற்றை நீக்கியதில் மிஞ்சியது 240. பக்கத்தில் 240 மட்டுமே வரும்.

இப்போதைய நேரம் வசதியில்லை என்றவர்கள் 151 பேர், அதாவது 63%. வேலைக்குப் போவோர் 120 பேரில் 98 (82%), மாணவர் 70 பேரில் 38 (54%), இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றோரும் 50 பேரில் 15 (30%). எத்தனை மணி வரை வேண்டும் என்ற கேள்வி அந்த 151 பேருக்கு மட்டும்: 7 மணி 31 பேர், 8 மணி 86 பேர், 9 மணி 34 பேர்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு வீதம் போடாதீர்கள். முழு எண்ணாக்கினால் 21, 57, 23 என்று வந்து கூட்டுத்தொகை 101 ஆகிவிடும். கூட்டத்தில் யாராவது ஒருவர் கூட்டிப் பார்ப்பார்; பிறகு பேச்சு முழுக்க அந்த ஒரு வீதத்தைச் சுற்றியே போகும். ஆட்களின் எண்ணிக்கையாகவே காட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. அதோடு, 7 மணி கேட்டவருக்கு 8 மணி வரை திறந்தாலும் போதும். 9 மணி கேட்டவருக்குப் போதாது. எனவே 31 உம் 86 உம் சேர்ந்து 117 பேர் கேட்டது 8 மணியோடு நிறைவேறுகிறது. நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

எதற்காக வருகிறீர்கள் என்ற நான்காம் கேள்வி பக்கத்தில் வராது. பத்திரிகை 139, புத்தகம் எடுக்க 122, படிக்க இடம் 96, சிறுவர் நூல் 41 என்பவை நல்ல தகவல்கள்தான். ஆனால் நேரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஒருவர் பலவற்றைத் தெரிவு செய்யலாம் என்பதால் மொத்தம் 398 ஆகிறது. இதை வட்ட வரைபடமாகப் போடவும் முடியாது. குழு வற்புறுத்தினால் ஏ4 இன் பின்பக்கத்தில் தனிப் பட்டை வரைபடமாகப் போடலாம், முன்பக்கத்தில் வேண்டாம். ஐந்தாம் கேள்வியில் எழுதப்பட்ட கருத்துகள் இணைப்பு அறிக்கைக்குப் போகட்டும்.

பக்கம்

ஏ3, நெடுக்காக: 297 × 420 மி.மீ. நான்கு பக்கமும் 15 மி.மீ. ஓரம். பின்னணி வெள்ளை. நிறப் பின்னணி போட்டால் பிரதி எடுக்கும் கடை இயந்திரங்கள் ஓரம் வரை அச்சிடாமல் ஒரு வெள்ளைச் சட்டத்தை விட்டுவிடும். அது வெட்டுப்பிழை போலத் தெரியும்.

ஒரே நிரல், மேலிருந்து கீழாக ஐந்து பகுதிகள். இரண்டு நிரலாக்கினால் பாதிப்பேர் இடது நிரலை முடித்து வலதுக்குப் போவார்கள், மற்றவர்கள் குறுக்கே வாசிப்பார்கள். பிறகு அம்புக்குறி போட்டுத் திருத்த வேண்டி வரும். ஒற்றை நிரலுக்கு அம்பும் வேண்டாம், இலக்கமும் வேண்டாம்.

உயரம் மேலிருந்து முறையே 60, 85, 95, 75, 35 மி.மீ. இடையில் நான்கு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 10 மி.மீ. மொத்தம் 390, ஓரங்களோடு 420. இடைவெளிகளில் கோடு, பெட்டி, பூவேலை எதுவும் வேண்டாம்.

பகுதி 1: தலைப்பு

> 6 மணிக்கு மூடுவது
> பலருக்கு ஒத்துவரவில்லை
>
> வாசிகசாலை நேரம் பற்றி 240 வாசகர்கள் சொன்னது

முதல் இரு வரிகள் 44 புள்ளி, தடித்த எழுத்து. வரியை இங்கே காட்டியபடியே முறியுங்கள். கீழ்வரி 18 புள்ளி. “கருத்துக்கணிப்பு முடிவுகள் 2025” என்று தலைப்பிடக் கேட்டவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் பலகையைக் கடந்து போகிறவருக்கு எதுவும் போய்ச் சேராது. முடிவே தலைப்பாக இருக்கட்டும்.

பகுதி 2: பெரிய எண்

> 63%
>
> இப்போதைய நேரம்
> வசதியில்லை என்றவர்கள்
> 240 பேரில் 151

எண் 200 புள்ளி, கருநீலம், இடது ஓரத்தில். சொற்கள் அதன் வலப்பக்கத்தில் 22 புள்ளியில். எண்ணைச் சுற்றி வளையமோ கடிகாரப் படமோ வேண்டாம். பக்கத்தில் மிகப் பெரியது இதுவாகவே இருந்தால்தான் கண் முதலில் இங்கே வரும். இன்னொரு எண்ணையும் இதே அளவில் போட்டால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாது.

பகுதி 3: யாருக்குச் சிரமம்

> வேலைக்குப் போவோருக்கே அதிகச் சிரமம்
>
> வேலைக்குப் போவோர் (120 பேரில் 98): 82%
> மாணவர் (70 பேரில் 38): 54%
> இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றோர் (50 பேரில் 15): 30%

கிடைப் பட்டைகள். 1 வீதத்துக்கு 2 மி.மீ.: 164, 108, 60 மி.மீ. பட்டை பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும். 20 இலிருந்து தொடங்கினால் 124, 68, 20 ஆகிவிடும்; வேலைக்குப் போவோரின் சிரமம் மூன்றாம் குழுவினரின் சிரமத்தைப் போல ஆறு மடங்கு என்று படம் பொய் சொல்லும். உண்மையில் மூன்று மடங்கு கூட இல்லை.

பெயர்களைப் பட்டையின் மேலேயே 16 புள்ளியில் போடுங்கள், இடப்பக்கத்தில் அல்ல. “இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றோர்” என்ற நீளப் பெயருக்கு இடது நிரல் ஒதுக்கினால் பட்டைக்கு இடம் போதாது. பெயர் 8, பட்டை 12, இடைவெளி 5 மி.மீ. வீதம் பட்டையின் நுனிக்கு அடுத்து. தனி அளவுகோலோ நிறவிளக்கப் பெட்டியோ தேவையில்லை.

அடைப்புக்குள் உள்ள எண்ணிக்கைகளை இடம் போதவில்லை என்று எடுத்துவிடாதீர்கள். மூன்றாம் குழு 50 பேர்தான்; அதில் ஒருவரின் பதில் மாறினாலே 2 வீதம் நகரும். வாசிப்பவர் அதைத் தெரிந்துகொள்ள உரிமையுள்ளவர்.

பகுதி 4: எத்தனை மணி வரை

> எத்தனை மணி வரை வேண்டும்?
>
> 7 மணி: 31 பேர்
> 8 மணி: 86 பேர்
> 9 மணி: 34 பேர்
>
> 8 மணி வரை திறந்தால், 151 பேரில் 117 பேர் கேட்டது கிடைக்கும்

ஒருவருக்கு 2 மி.மீ.: 62, 172, 68. வரிசை நேரப்படியே இருக்கட்டும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 8, 9, 7 என்று வந்து குழப்பும். இங்கே பெயர்கள் சிறியவை, ஆகவே இடப்பக்கத்தில் 60 மி.மீ. நிரலில் வரலாம். முந்தைய பகுதியில் பட்டை வீதத்தைக் காட்டுகிறது, இங்கே ஆட்களை. இரண்டையும் ஒப்பிட்டுவிடாதபடி இங்கே பட்டையின் தடிப்பு 8 மி.மீ. மட்டும், “பேர்” என்ற சொல் ஒவ்வொரு வரியிலும். கடைசி வரி 20 புள்ளி, தடித்த எழுத்து.

மனித உருவங்களை வரிசையாக அடுக்கிக் காட்டும் யோசனையைக் கைவிட்டோம். ஏ4 இல் 86 உருவங்கள் புள்ளிகளாகிவிடும். வட்டங்களும் வேண்டாம்: விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும்.

பகுதி 5: எப்படிக் கேட்டோம்

> 2025 ஜூலை 14–27. வாசிகசாலைக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டது. தமிழ், சிங்களப் படிவங்கள். செல்லுபடியான பதில்கள் 240.

14 புள்ளி, கறுப்பு. “வந்தவர்களிடம் மட்டும்” என்பது கட்டாயம். படிவம் வாசலில்தான் கொடுக்கப்பட்டது. 6 மணிக்குள் வரவே முடியாதவர்கள் இதில் இல்லை. அதனால்தான் தலைப்பில் “வெள்ளவத்தை மக்கள்” என்று எழுதாமல் “வாசகர்கள்” என்று எழுதியிருக்கிறோம். அழகுக்காகக்கூட அதை மாற்ற வேண்டாம்.

நிறமும் எழுத்தும்

இரண்டே நிறம்: கருநீலம் `#1F4E79`, சாம்பல் `#B8B8B8`. நீலம் 63% எண்ணுக்கும், வேலைக்குப் போவோர் பட்டைக்கும், 8 மணிப் பட்டைக்கும் மட்டும். மற்றப் பட்டைகள் சாம்பல். எழுத்துகள் கறுப்பு. மூன்று நீலங்களையும் மேலிருந்து கீழே பார்த்தாலே செய்தி கிடைத்துவிட வேண்டும். ஏ4 பிரதிகள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்படும் என்பதால், அனுப்ப முன் ஒரு பிரதி எடுத்து இரண்டு நிறமும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். சிவப்பும் பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடக்கூடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அவை ஒன்றுபோலத் தெரியலாம்.

எழுத்துரு Noto Sans Tamil, சாதாரணமும் தடித்ததும். வரியிடைவெளி எழுத்தளவின் 1.4 மடங்கு, அதற்குக் குறைந்தால் மேல்வரியின் “கு”, “ரு” வால்கள் கீழ்வரியின் புள்ளிகளில் முட்டும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டவோ, சொல்லை நடுவில் வெட்டவோ வேண்டாம்.

தொகுப்புக் கோப்பின் ஒரு பகுதி பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டது. அதை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். இந்தக் குறிப்பில் உள்ள பாடம் முழுவதும் யூனிகோட், இதிலிருந்தே எடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்தினால் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை முதலில் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “வேலைக்கு”, “கேட்டது”, “பேர்” ஆகிய மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், உடனே தெரியும்.

அனுப்புவதும் சோதிப்பதும்

முதல் வரைவு ஓகஸ்ட் 11 திங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம், எழுத்து மங்கிவிடும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக, டொகியூமெண்ட் என்று அனுப்புங்கள்.

வரைவு வந்ததும், கணிப்பில் சம்பந்தப்படாத மூவரிடம் 10 செக்கன் காட்டி மறைத்துவிட்டு, என்ன சொன்னது என்று கேட்போம். “6 மணி போதாது” என்பதும் “8 மணி” என்பதும் வர வேண்டும். முதலாவது மட்டும் வந்தால் பகுதி 4 இன் கடைசி வரியை 24 புள்ளியாக்கி, தேவையான உயரத்தைத் தலைப்புப் பகுதியில் குறைப்போம். எண்ணை மட்டும் சொல்லி எதைப் பற்றியது என்று சொல்லாவிட்டால், 63% இன் பக்கத்துச் சொற்கள் எட்டத்தில் நிற்கின்றன என்று பொருள். அவற்றை எண்ணோடு நெருக்கினால் சரியாகும். புதிய சொல் சேர்ப்பதில்லை.

திருத்தம் 13 புதன். 15 வெள்ளி அச்சு: ஏ3 நிறத்தில் 2, ஏ4 கறுப்பு வெள்ளையில் 15.